பி-மதிப்பு 0.014 என்றால் என்ன?

"முதலாமாண்டு பி.எஸ்சி. படிக்கிறேன். ஒரு ஆய்வுக் கட்டுரையில் p = 0.014 என்று இருக்கிறது. முடிவு தப்பாக இருக்க 1.4% வாய்ப்பு என்றுதானே அர்த்தம்?"

இல்லை. புள்ளியியலாளர் ஃபிஷர் 1935-ல் எழுதிய தேநீர்ச் சோதனையில் இதே எண்தான் வருகிறது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று ருசித்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. பால் முதலில் 4, தேநீர் முதலில் 4 என 8 கோப்பைகளைக் கலைத்து வைத்து, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பிரித்தெடுக்கச் சொல்கிறோம்.

அவருக்கு அந்தத் திறமையே இல்லை, குத்துமதிப்பாக எடுக்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கை 70 விதமாக எடுக்கலாம். முழுக்கச் சரியானது ஒன்றே ஒன்று. ஆகவே எல்லாம் சரியானால், வெறும் குத்துமதிப்பிலேயே அப்படி அமைய உள்ள வாய்ப்புதான் பி-மதிப்பு: p = 1/70, அதாவது 0.014.

மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? அதற்கு 16 விதங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கிடைத்த முடிவோடு, அதைவிடச் சிறந்த முடிவையும் சேர்த்தே எண்ண வேண்டும். எனவே p = 17/70 = 0.243. ஒரே ஒரு கோப்பை மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்!

திறமை இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அதனால் திறமை இல்லாமலிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை இது சொல்லாது. பால் முதலில் ஊற்றிய கோப்பைகள் மட்டும் சூடு குறைந்திருந்தால், ருசியே தெரியாதவருக்கும் 0.014 கிடைத்துவிடும். திறமையில்லாத 20 பேரைச் சோதித்தால், ஒருவராவது முழுக்கச் சரியாக எடுக்க ஏறக்குறைய 25% வாய்ப்பு உண்டு. அந்த ஒருவரை மட்டும் கட்டுரையில் எழுதினாலும் p = 0.014 என்றுதான் அச்சாகும்.