வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு

அன்புள்ள மேடம்,

கல்லூரிக் காலத்திலிருந்தே அவள் என் உயிர்த்தோழி. நான்கு மாதங்களாக வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறாள். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை இவள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாராவாரம் இதேதான். எனக்குத் தெரிந்த யோசனையெல்லாம் சொல்லிவிட்டேன். போன வாரம் துணி மடித்துக்கொண்டே ‘ம்... ம்...’ என்றேன். “உனக்கு அலுத்துவிட்டது” என்று வைத்துவிட்டாள். அவளை இழக்க எனக்கு மனமில்லை. என்ன பேசுவது?

- வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அலுப்பு அந்த ‘ம்’மில் தொடங்கியிருக்காது. “அண்ணனிடம் நேராகக் கேட்டாயா?” என்று மூன்றாம் முறை நீங்கள் கேட்டபோதே அவள் காதில் விழுந்திருக்கும். ஒரே யோசனை திரும்ப வந்தால், ‘சொன்னேனே, செய்தாயா?’ என்றுதான் கேட்கும். அது ஏன் நடக்காது என்று அவள் காரணம் அடுக்குவாள். அடுக்க அடுக்க அவளே அதை இன்னும் உறுதியாக நம்பிவிடுவாள்.

அதற்காக நீங்களும் சேர்ந்து அண்ணனைத் திட்ட வேண்டாம். அமாண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரச்சினையைச் சேர்ந்து அசைபோடும் பள்ளித் தோழிகளிடம் நெருக்கமும் கூடுதலாக இருந்தது, மனச்சோர்வும் கூடுதலாக இருந்தது. உங்கள் வயது வேறுதான். ஆனால் என்னிடம் வரும் பெரியவர்களிடமும் இதையே பார்க்கிறேன்.

‘அண்ணன் எப்போதும் இப்படித்தான்’ என்பதற்குப் பதில் கிடையாது. “இந்த வாரம் எந்த நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அம்மாவைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைத்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது என்பாள். இப்போது பேச்சு அண்ணனை விட்டு இடுப்புக்கு வந்துவிட்டது. “ஐயோ, ஒற்றை ஆளாகவா புரட்டினாய்?” என்று சொல்லிவிட்டுச் சற்றுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில்தான், காலையில் அரைமணி நேரம் கைகொடுக்க ஆள் வைக்கலாமா என்பதுபோல் ஏதாவது அவளாகவே யோசிப்பாள். யோசிக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கேள்வி, “இடுப்பு எப்படி இருக்கிறது?”

நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “ஒன்பதரை வரை உன்னோடுதான் இருப்பேன், சொல்.” நாற்பதாவது நிமிடத்தில் சொன்னால் அதுவே துரத்துவதாகத் தெரியும். அந்த அரைமணி நேரம் துணி கூடையிலேயே கிடக்கட்டும்.

தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் சொன்னால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், கூடவே போங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்று சொன்னால் மட்டும் சுற்றி வளைக்காமல், சாக நினைக்கிறாயா என்றே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்களுக்கே முடியாத நாளும் வரும். அன்று அரைமனதாக எடுக்காமல், “இன்று முடியவில்லை, நாளைக் காலை பத்து மணிக்கு நானே அழைக்கிறேன்” என்று செய்தி அனுப்புங்கள். பத்து மணிக்கு அழைத்துவிடுங்கள்.