கேமரா டிவிஆரை டிஎம்இசட்டில் வைக்கலாமா?

"கீழமாசி வீதியில் கடை. கேமராவை வீட்டிலிருந்து பார்க்க, டிவிஆர் மாட்டிய தம்பி ரூட்டரில் டிஎம்இசட் போட்டுவிட்டார். நன்றாகத்தான் தெரிகிறது. போர்ட் ஃபார்வர்டிங்குக்கு மாற்ற வேண்டுமா?"

மாற்றிவிடுங்கள் அண்ணே, இன்றைக்கே. போர்ட் ஃபார்வர்டிங்கில் நீங்கள் குறித்த போர்ட் எண்ணுக்கு வருவது மட்டும்தான் டிவிஆருக்குப் போகும். டிஎம்இசட்டில், வெளியிலிருந்து தானாக வந்து வேறு விதி எதிலும் சேராத அத்தனையும் அதற்குப் போகும், வெளியிலிருந்து கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட்டின் போர்ட் 23 உட்பட. 2016-இல் மிராய் என்ற வைரஸ் அந்த 23-இல் நுழைந்துதான், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது.

எனக்குப் பெரிய கவலை அடுத்ததுதான். உங்களிடம் இருப்பதுபோன்ற வீட்டு வகை ரூட்டரில் டிஎம்இசட் போட்டாலும் டிவிஆர் தனியாகப் பிரிந்து நிற்பதில்லை. உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. டிவிஆருக்குள் யாராவது நுழைந்துவிட்டால், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு நேர் வழி.

இன்னொன்று, டிஎம்இசட் ஒரு ஐபி முகவரிக்குத்தான், பொருளுக்கு இல்லை. 192.168.1.20 என்று போட்டிருக்க, கரண்ட் போய் வந்ததும் அந்த எண் பையனின் லேப்டாப்புக்குக் கிடைத்தால், வெளியே திறந்து கிடப்பது லேப்டாப். கேமரா திடீரென்று தெரியாமல் போனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

டிஎம்இசட்டை அணைத்து, டிவிஆருக்கு நிலையான ஐபி கொடுத்து, அதன் நெட்வொர்க் பக்கத்தில் இருக்கும் ஆப் போர்ட்டை மட்டும் திறங்கள். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அப்புறமும் அந்த ஒரு போர்ட் வழியாக டிவிஆரின் ஓட்டைகள் வெளியே தெரியும். ரூட்டரில் விபிஎன் இருந்தால் அந்த போர்ட்டையும் திறக்க வேண்டாம், விபிஎன் வழியே பாருங்கள்.