கடற்காற்றின் மேல் பழி

கேள்வி: மின் ஸ்கூட்டர் வாங்கி 14 மாதம் ஆகிறது. ஒரு சார்ஜில் 80 கி.மீ. ஓடியது, இப்போது 45 கி.மீ.கூட ஓடவில்லை. சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைத் திறந்து காட்டினார்கள். மூன்று செல்கள் தலையணை போல உப்பியிருந்தன, மற்றவை தட்டையாக இருந்தன. "கடலோர ஊர், ஈரக்காற்று புகுந்துவிட்டது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். நான் என்ன தவறு செய்தேன்?
— தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் உங்கள் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேட்டரிக்காரர்கள் "ஈரம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், அது முழுப் பொய்யாக இல்லாமல் பாதி உண்மையாக இருப்பதுதான். ஈரம் லித்தியம் செல்லுக்கு நஞ்சு. ஆனால் எந்த ஈரம், எப்போது உள்ளே போன ஈரம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

செல்லுக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தில் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்ஃபேட் என்ற உப்பு கரைந்திருக்கிறது. லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கும் இடையே போய்வர இந்த உப்புதான் வழி செய்கிறது. தண்ணீரைக் கண்டால் அது இப்படி உடைகிறது:

LiPF6 + H2O → LiF + POF3 + 2HF

கடைசியில் வரும் HF, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே அரிக்கும் என்பதால் இந்தத் திரவத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கமாட்டார்கள். ஒரு நீர் மூலக்கூறுக்கு இரண்டு அமில மூலக்கூறுகள் என்பது கணக்கு. எடையில் பார்த்தால் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்குக்கும் சற்று அதிகமான அமிலம்.

அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. எதிர்முனைக் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கிறது. அதிலுள்ள லித்தியம் கார்பனேட்டை அமிலம் தின்னும்போது கார்பன் டை ஆக்சைடு வாயுவும், கூடவே தண்ணீரும் வெளிப்படுகின்றன. வாயு உறையை உப்ப வைக்கிறது. தண்ணீர் மறுபடி உப்பைத் தேடிப் போய் புதிய அமிலத்தை உண்டாக்குகிறது. நேர்முனையில் மாங்கனீஸ் இருந்தால் அமிலம் அதையும் கரைக்கும், அங்கேயும் தண்ணீர் பிறக்கும். கரைந்த உலோகம் எதிர்முனையில் போய்ப் படிந்து படலத்தைக் கெடுக்கிறது. கெட்ட படலம் மீண்டும் வளர லித்தியத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படிச் சிறைப்பட்ட லித்தியம் திரும்பி வராது. உங்கள் 80 கி.மீ. குறைந்துகொண்டே வருவதற்கு இது ஒரு வழி.

எவ்வளவு தண்ணீர் போதும் என்று கேட்பீர்கள். மின்பகுளியில் பத்து லட்சத்துக்கு 20 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது வழக்கமான வரம்பு. டார்ச்சில் போடும் 18650 செல்லில் சுமார் 5 கிராம் திரவம் இருக்கும். அதில் 20 பங்கு என்றால் 0.1 மில்லிகிராம். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரே துளி ஏறத்தாழ 50 மில்லிகிராம், அதாவது 500 செல்களின் ஒதுக்கீடு! இதற்காகத்தான் தொழிற்சாலையில் முனைத் தகடுகளை வெற்றிடத்தில் மணிக்கணக்கில் சூடாக்கி உலர்த்துகிறார்கள். திரவம் ஊற்றும் அறையின் காற்றை −40 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் பனி படியாது, அவ்வளவு உலர்ந்தது. வேலை செய்பவர்கள் விடும் மூச்சே ஈரம் என்பதால், உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. உலர்த்தும் நேரத்தைக் குறைத்தாலோ, அறையில் ஈரம் ஏறினாலோ, அந்தத் தண்ணீர் செல்லோடு சேர்த்து மூடப்பட்டுவிடும். கடைக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் மூன்று செல்களுக்கு வருவோம். ஒரே பெட்டி, ஒரே தூத்துக்குடிக் காற்று. வெளிக்காற்றுதான் காரணம் என்றால் பக்கத்துச் செல்கள் மட்டும் எப்படித் தட்டையாக இருக்கும்? கடற்காற்று பெட்டிக்குள் புகுந்திருந்தால் முனையங்களிலும் மின்பலகையிலும் பச்சையாகவோ துருவாகவோ தடம் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். உறையின் ஒட்டு வழியாக ஈரம் கசிந்திருக்கலாம் என்று வாதாடினால், 14 மாதத்தில் கசியும் ஒட்டைப் போட்டது யார் என்று கேளுங்கள். வேறு காரணமும் இருக்கலாம். செல்களைச் சமன்செய்யும் மின்பலகை பழுதாகி அந்த மூன்றுக்கு மட்டும் சார்ஜ் அதிகமாகியிருந்தாலும் உப்பும். ஆனால் அந்தப் பலகையும் அவர்கள் விற்றதுதானே.

வாரண்டி மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் வரிசை எண்ணும் அதில் இருக்கட்டும். உப்பிய செல்களையும் தட்டையான செல்களையும் ஒரே படத்தில் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: மழையில் நனைந்த போனை அரிசியில் புதைத்து வைத்தால் பேட்டரி பிழைக்குமா?
— நாகர்கோவில்

பதில்: மூடிய செல்லுக்குள் மழை போகவில்லை, அரிசியும் போகாது. போனை அணைத்துச் சர்வீசுக்குக் கொடுங்கள், அரிசியை உலையில் போடுங்கள்.

கேள்வி: எல்எஃப்பி என்னும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரியில் மாங்கனீஸ் இல்லை, அதனால் அமிலத் தொல்லையே கிடையாது என்று விற்பனையாளர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
— சேலம்

பதில்: பாதி. மாங்கனீஸ் இல்லைதான். ஆனால் உப்பு பெரும்பாலும் அதே உப்பு, தண்ணீரும் அதே தண்ணீர். அமிலம் அங்கே இரும்பைக் கரைக்கும்.

கேள்வி: இணையத்தில் "9900 mAh" என்று போட்ட 18650 செல் 120 ரூபாய்க்கு வாங்கினேன். டார்ச் பத்து நிமிடம்தான் எரிகிறது. ஈரம் பிடித்த செல்லா?
— கரூர்

பதில்: அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே சுமார் 3500 mAh தான். 9900 என்ற எண்ணைப் பார்த்ததுமே கையை எடுத்திருக்க வேண்டாமா? பலமுறை சொல்லிவிட்டேன். அந்த வீரம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு செல் வாங்கினேன். ஒன்றின் பளபளப்பான நீல உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே பழைய பச்சை உறையின் ஒட்டுத் தடம் இருந்தது. எங்கோ மடிக்கணினியில் உழைத்து ஓய்ந்த செல்லுக்குப் புதுச்சட்டை போட்டிருக்கிறார்கள். உங்களுடையதைத் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான செல் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும். வெகுவாகக் குறைந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: இழுப்பறையில் கிடந்த பவர் பேங்க் உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றினால் இன்னும் சில மாதம் ஓட்டலாமா?
— மதுரை

பதில்: கூடாது. குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும், மிச்சமிருக்கும் உப்பு மதுரைக் காற்றின் ஈரத்தைக் கண்டு உங்கள் கையிலேயே அமிலமாகும். இந்த அமிலம் நீர்த்த நிலையில் உடனே எரியாது. தோலுக்குள் இறங்கிய பிறகுதான் வலி தெரியும். நானும் ஊசியோடு உட்கார்ந்தவன்தான். பொருட்காட்சியில் பேரம் பேசி வாங்கிய பவர் பேங்க் அது. பிளாஸ்டிக் மூடியை நெம்பியபோது நகச்சாயம் அழிக்கும் திரவம் போல இனிப்பு கலந்த வாடை வந்தது. கசிகிறது என்று புரிந்து வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வைத்தேன். நீங்களும் சார்ஜ் போடாமல் அப்படியே வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். திரவம் கையில் பட்டால் குழாயடியில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போங்கள், லித்தியம் பேட்டரி என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: வண்டி நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறது. இதனால் அமிலம் கூடுமா?
— வேலூர்

பதில்: கூடும். சூட்டில் அந்த உப்பு தானாகவே உடையத் தொடங்கும். உடைந்த துண்டு தண்ணீரை இன்னும் வேகமாகப் பிடிக்கும். நிழலில் நிறுத்துங்கள், முழுச் சார்ஜோடு வெயிலில் விடாதீர்கள்.