குழாயில் கரையும் சர்க்கரையும் சாம்பல் நிற மூடியும்

கேள்வி: “கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 61. காலை 6.30 மணிக்கு வீட்டுக்கே வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் போனார்கள். அதே நேரத்தில் வீட்டு மீட்டரில் சர்க்கரை 128 காட்டியது. கோயம்புத்தூர் ஆய்வக அறிக்கையிலோ 96 என்று வந்திருக்கிறது. மாதிரி வந்து சேர்ந்த நேரம் காலை 11 மணி என்று அதில் போட்டிருக்கிறார்கள். போன வருடம் சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாயிலும் தனியாக எடுத்தார்கள். இந்த முறை ஒரே குழாய்தான். எந்த எண்ணை நம்புவது?”

பதில்:

96-ஐ நம்பி நிம்மதி அடைய வேண்டாம். 128-ஐ நம்பி மாத்திரையும் தொடங்க வேண்டாம். இன்னொரு முறை ரத்தம் எடுக்கத்தான் வேண்டும்; ஆனால் எடுக்கும் முறை மாற வேண்டும். அந்தச் சின்னக் குழாய் இல்லாமல் போனதைக் கவனித்தீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் உடனே செத்துவிடுவதில்லை. குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆகவே ஆக்ஸிஜனை வைத்து ஆற்றல் எடுக்கத் தெரியாது. குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டாக மாற்றுவது ஒன்றே அவற்றின் பிழைப்பு. உடலுக்குள் இருந்தவரை கல்லீரல் சர்க்கரையை நிரப்பிக்கொண்டே இருந்தது. குழாய்க்குள் நிரப்ப ஆள் இல்லை. ரத்தம் உறைந்துவிட்டால் இது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. உறைகட்டிக்குள் சிக்கிய அணுக்களும் சுற்றியுள்ள தெளிந்த திரவமான சீரத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு குறையும்? சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 8 மி.கி. வரை. புத்தகங்களில் இதை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். சர்க்கரை 100 அளவில் இருப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சதவீதக் கணக்கு ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. சர்க்கரையைப் பிடிக்கும் முதல் நொதியான ஹெக்ஸோகைனேஸ் மிகக் குறைந்த அளவிலேயே முழு வேகத்துக்கு வந்துவிடும். அதனால் 100 இருந்தாலும் 300 இருந்தாலும் அணுக்கள் மணிக்குத் தின்னும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். 300 இருப்பவருக்கு 30 குறைந்தாலும் அவர் சர்க்கரை நோயாளி என்பது மாறாது. 128 இருப்பவருக்கு 30 குறைந்தால் நோய் இருப்பவர் இல்லாதவராகிவிடுகிறார். எல்லைக்கோட்டில் நிற்பவர்களைத்தான் இந்தப் பிழை ஏமாற்றுகிறது. வெள்ளையணுக்கள் மிக அதிகமாக உள்ள ரத்தப் புற்றுநோயாளிகளுக்கும், சிவப்பணுக்கள் அடர்ந்த பச்சிளங்குழந்தைகளுக்கும் இதைவிட வேகமாகவே குறையும்.

இனி அம்மாவின் கணக்கு. காலை 6.30 மணிக்கு எடுத்தது 11 மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாலரை மணி நேரம். அதற்குப் பிறகுதானே அணுக்களைப் பிரிக்க சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியிருப்பார்கள்? மணிக்கு 7 என்று வைத்தால் 31 குறைந்திருக்கும். 128-இல் 31 போனால் 97. உங்கள் அறிக்கை சொல்வது 96. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று நானே இதை முழுதாக நம்பிவிட மாட்டேன். கோத்தகிரியின் காலைக் குளிரில் அணுக்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். வண்டி மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு வெயிலில் அதே அணுக்கள் வேகம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் பக்கமும் பார்க்க வேண்டும். நல்ல மீட்டரே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை ஏறியோ இறங்கியோ காட்ட அனுமதி உண்டு. அதாவது 128 என்று காட்டினால் உண்மை அளவு சுமார் 110-லிருந்து 150 வரை எங்கும் இருக்கலாம். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் இன்னும் ஏறும். ஆனால் மீட்டரின் பிழையை மட்டும் வைத்து 128 எப்படி 96 ஆனது என்று விளக்க முடியாது. உண்மை அளவு 115-க்கும் 130-க்கும் நடுவில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வெறும் வயிற்றில் 126 என்பதுதான் நோய்க்கான எல்லை. சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது உங்கள் கேள்வி.

சாம்பல் நிற மூடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியிலும் சுவரிலும் வெள்ளையாக மெல்லிய தூள் ஒட்டியிருக்கும். அதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று சோடியம் ஃபுளோரைடு. சர்க்கரையைக் காப்பது இதுதான். மற்றொன்று பொட்டாசியம் ஆக்ஸலேட். ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையாமல் தடுக்கிறது. சில தயாரிப்புகளில் ஆக்ஸலேட்டுக்குப் பதில் ஈடிடிஏ இருக்கும்.

ஃபுளோரைடு எங்கே கைவைக்கிறது என்பதைக் கவனியுங்கள். குளுக்கோஸ் உடையும் பாதையில் பத்துப் படிகள். அவற்றில் ஒன்பதாம் படியை நடத்தும் ஈனோலேஸ் என்ற நொதியைத்தான் ஃபுளோரைடு முடக்குகிறது. முதல் படி திறந்தே கிடக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கடைசியில் உள்ள உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனாலும் வாசலில் பசுந்தழை இறங்கிக்கொண்டுதானே இருக்கும்? உள்ளே இடம் நிறைந்த பிறகுதான் வாசலில் லாரியை நிறுத்துவார்கள். அணுவுக்குள்ளும் அப்படித்தான். ஒரு குளுக்கோஸை உடைக்கத் தொடங்க, அணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி இரண்டு செலவாகிறது. ஏழாம் படியில் இரண்டு திரும்பக் கிடைக்கிறது. லாபமான மீதி இரண்டு பத்தாம் படியில்தான் வரவேண்டும். ஒன்பதாம் படி அடைபட்டதால் அந்த லாபம் வருவதில்லை. கையிருப்பு ஏடிபி தீர்ந்த பிறகுதான் முதல் நொதி ஓய்கிறது.

ஆகவே ஃபுளோரைடு குழாயில்கூட முதல் ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சாதாரணக் குழாயில் குறைவது போலவே குறையும். பிறகு வேகம் தணிந்து, நாலு மணி நேரத்துக்குள் நின்றுவிடும். அதன்பின் அறை வெப்பத்திலேயே 3 நாள் வரை எண் நகராது. இதைச் சொன்னால் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களே சிலர் நம்புவதில்லை. சாம்பல் மூடி போட்டாகிவிட்டது, இனி அவசரமில்லை என்று மாதிரியை மேசையில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் 126 இருந்த ரத்தம் இந்தக் குழாயில் போனால் 118, 120 என்று வரலாம். 96 என்று வராது.

முதல் படியையே உடனே நிறுத்த வேண்டுமானால் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்ட வேண்டும். அதற்காக ஃபுளோரைடோடு சிட்ரிக் அமிலமும் சிட்ரேட்டும் சேர்த்த குழாய்கள் இருக்கின்றன. ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கப் பயன்படும் நீல மூடிச் சிட்ரேட் குழாய் வேறு. அதைச் சர்க்கரைக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு வழி, ரத்தம் எடுத்த கையோடு குழாயை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது. பெரிய மருத்துவமனைக்குள் இது நடக்கும். மலைக் கிராமத்தில் வீடு வீடாகப் போகும் ஊழியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்படியானால் எல்லாப் பரிசோதனைக்கும் ஃபுளோரைடு குழாயையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் உங்கள் ரத்தத்தின் அளவோடு கலந்து பொய் சொல்லும். ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துவிடும். யூரியாவை அளக்கப் பயன்படும் யூரியேஸ் நொதியையும் ஃபுளோரைடு முடக்கும். அதனால்தான் இரண்டு குழாய். சாதாரணக் குழாயை மட்டும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் போதாதா என்றால், அங்கே வேறொரு சிக்கல்: குளிரில் சர்க்கரை ஓரளவு தப்பும், ஆனால் அணுக்களின் உப்புப் பம்பு நின்று பொட்டாசியம் வெளியே கசியும். அறிக்கையில் பொட்டாசியம் ஏறி, வீட்டில் இன்னொரு பயம் கிளம்பும்.

மஞ்சள் மூடி போட்ட ஜெல் குழாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடியில் தெரியும் ஜெல், சுழற்றும்போதுதான் மேலேறி அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவே சுவராக நிற்கும். சுழற்றாதவரை அது எதையும் காக்காது. கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள சேகரிப்பு மையத்தில் ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜ் இருந்து, ரத்தம் உறைய அரை மணி நேரம் கொடுத்துச் சுழற்றிவிட்டு அனுப்பினால், அந்த ஒரே குழாயே சர்க்கரைக்கும் மற்றவற்றுக்கும் போதும். என்னைக் கேட்டால் மலையில் ஃபுளோரைடு குழாயைவிட இதுவே மேல். உங்கள் மாதிரி சுழற்றாமல் கீழே போயிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். மையத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை, வீட்டில் எடுப்பதைவிட அம்மாவை வெறும் வயிற்றோடு டவுனில் சுழற்றும் வசதி உள்ள ஆய்வகத்துக்கு அழைத்துப் போவது நல்லது. அது முடியாவிட்டால் சாம்பல் மூடிக் குழாய் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தம் குழாயிலுள்ள கோடு வரை வரவேண்டும். குறைவாக எடுத்தால் ஃபுளோரைடு அதிகமாகிச் சிவப்பணுக்கள் உடையும், பிளாஸ்மா இளஞ்சிவப்பாக மாறும். எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது. திருப்பாமல் விட்டால் தூள் அடியிலேயே கிடக்கும், மேலே ரத்தம் உறைந்துவிடும். அந்தக் குழாய் பெயருக்குத்தான் ஃபுளோரைடு குழாய். எடுத்த நேரத்தை லேபிளில் எழுதச் சொல்லுங்கள்.

அதே ஊசியில் ஊதா மூடிக் குழாயிலும் சிறிது எடுத்து எச்பிஏ1சி பார்த்துவிடலாம். அது ஹீமோகுளோபினில் ஏற்கெனவே ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சில மணி நேரப் பயணத்தில் மாறாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நோய் என்று கொள்கிறோம். நீலகிரியில் ஒரு எச்சரிக்கை அவசியம்: இங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் சிலவற்றில் அரிவாள் அணு நோய் உண்டு. அந்த நோய் உள்ளவர்களிடம் இந்த எண்ணை நம்ப முடியாது. இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தாலும் எண் சற்றுக் கூடுதலாக வரலாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலும், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் நோயை உறுதி செய்துவிடுவார். ஒன்று மட்டும் கூடியிருந்தால், கூடியிருக்கும் அதே பரிசோதனையை இன்னொரு நாள் திரும்ப எடுக்கச் சொல்வார். ஃபுளோரைடு குழாயில் 119 போல வந்தால் அந்தக் குழாய் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்குச் சுழற்றப்பட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.