புத்தகத்தை மூடச் சொன்னால் முகம் வாடுகிறது

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4 எழுதுபவர்களுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். பதினைந்து பேர் வருகிறார்கள். பள்ளிப் புத்தகங்களை நான்கைந்து தடவை கோடு போட்டுப் படித்துவிட்டார்கள், ஆனால் கேள்வி கேட்டால் குழம்புகிறார்கள். "மூடி வைத்து எழுதிப் பாருங்கள்" என்றால் இரண்டு நாள் செய்கிறார்கள். "ஒன்றும் வரவில்லை சார், இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுகிறோம்" என்று மறுபடி படிக்கப் போய்விடுகிறார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: அவர்கள் சோம்பலால் அப்படிச் செய்யவில்லை. ஐந்தாம் தடவை படிக்கும்போது வரிகள் சரளமாக ஓடுகின்றன, அதனால் தெரிந்துவிட்டது என்றே மனம் நம்புகிறது. மூடி வைத்து எழுதினால் பாதிதான் வருகிறது, உடனே பின்னடைவு போலத் தோன்றுகிறது. இந்த நம்பிக்கை அறிவுரையால் மாறாது. அவர்கள் மதிப்பெண்ணையே அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71தான். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. வகுப்பு முடிந்த கையோடு டெஸ்ட் வைத்தால் உங்கள் மாணவர்களின் பழைய பழக்கம்தான் ஜெயிக்கும்.

அதனால் இதே சோதனையை உங்கள் வகுப்பிலேயே நடத்துங்கள். யாரும் அதிகம் படித்திராத இரண்டு பக்கங்களை எடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தை ஏழு நிமிடம் படித்து, மறு ஏழு நிமிடம் திரும்பவும் படிக்கட்டும். அடுத்த பக்கத்தை ஏழு நிமிடம் படித்து, மூடி வைத்து ஏழு நிமிடம் எழுதட்டும். பாதிப் பேருக்குப் பக்கங்களை மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் "அந்தப் பக்கம் ஈஸி சார்" என்பார்கள். எது அதிகம் நினைவிருக்கும் என்று முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் டெஸ்ட் வையுங்கள். தன் சீட்டையும் தன் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் மாறுவார்கள்.

அப்புறம் அன்றாட முறைக்கு வரலாம். அடிப்படை உரிமைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாடத்தைப் படித்து, மூடி, வெள்ளைத் தாளில் எழுதுகிறார். 14, 17, 19, 21, 32 ஆகிய பிரிவுகள் சரியாக வந்துவிட்டன. 16-உம் 18-உம் விட்டுப்போயின. 23-ஐயும் 24-ஐயும் மாற்றி எழுதியிருக்கிறார். இப்போது புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்தைத் தவிர்க்கவே கூடாது. தவறாக எழுதியதை அப்படியே விட்டால் அந்தத் தவறே மனதில் பதிந்துவிடலாம்.

சிவப்பு விழுந்த இந்த நான்கும்தான் நோட்டின் பின்பக்கம் கேள்விகளாகப் போக வேண்டும். "பிரிவு 24 குழந்தைத் தொழிலாளர் பற்றியதா?" என்று எழுதினால் பயனில்லை, பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "14 வயதுக்கு உட்பட்டவரைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் பிரிவு எது?" என்று ஒன்று, "பிரிவு 23 எதைத் தடை செய்கிறது?" என்று திருப்பி ஒன்று. குழப்பும் ஜோடியை இப்படி இரண்டு பக்கமும் கேட்டால்தான் பிரித்தறிய வரும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இதே கேள்விகளுக்குப் புத்தகம் பார்க்காமல் பதில் எழுதட்டும். ஒரு தடவை சரியாக வந்ததும் அடித்துவிடாதீர்கள். வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவை சரியாக வந்த பிறகு ஒரு மாதம் தள்ளி வைக்கலாம்.

நீங்கள் கண்காணிக்க வேண்டியது ஒரு விஷயம்தான். பலர் கேள்வியைப் பார்த்து "ஆங், தெரியும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு உடனே விடையைப் பார்ப்பார்கள். அதுவும் மறுவாசிப்புதான். பேனாவால் எழுதினால்தான் கணக்கு. தாளில் சிவப்பே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள், இடையில் எட்டிப் பார்த்திருக்கலாம்.

முதல் தடவை எழுதும்போது பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தால், பகுதி நீளம் என்று பொருள். முழுப் பாடம் வேண்டாம், இரண்டு பக்கமாகக் குறையுங்கள். புரியாத பாடத்தில் இந்த முறை உதவாது, அங்கே முதலில் விளக்க வேண்டும். திறனறிவுக் கணக்குக்குப் போட்ட கணக்கையே எண்களை மாற்றி, விடைக்குறிப்பை மூடிவிட்டுப் போடுவதுதான் சுயதேர்வு.

பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது விடைத் தெரிவுகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு முதலில் பதிலை எழுதச் சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தெரிவு செய்யட்டும். எழுதியது ஒன்று, தெரிவைப் பார்த்துக் குறித்தது வேறு என்றால், குறித்தது சரியாகவே இருந்தாலும் அந்தக் கேள்வி பின்பக்கத்துக்குப் போக வேண்டும்.