65 இன்ச் டிவி 145 சென்டிமீட்டர் இடத்தில் அடங்குமா?

"எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே 145 செ.மீ. இடம் இருக்கிறது. 65 இன்ச் டிவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பெட்டியில் 164 செ.மீ. என்று போட்டிருக்கிறது. கடைக்காரரோ அகலம் 144தான், அடங்கிவிடும் என்கிறார். எதை நம்புவது? வாங்கலாமா?"
– வாசகர், ஈசூன்

பெட்டியில் போட்டிருப்பதும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி. ஆனாலும் வாங்காதீர்கள்.

கடையில் சொல்லும் 65 இன்ச் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. திரையின் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைவரை டேப்பைச் சாய்வாகப் பிடித்தால் வரும் நீளம் அது. படம் தெரியும் பகுதியை மட்டுமே அளப்பார்கள். சுற்றியுள்ள சட்டம் இந்தக் கணக்கில் சேராது. ஓர் இன்ச் என்பது 2.54 செ.மீ. அப்படிப் பெருக்கினால் 165 வருகிறதே, பெட்டியில் ஏன் 164? 65 இன்ச் ரகம் என்று விற்கப்படும் பல திரைகளின் உண்மையான மூலைவிட்டம் 64.5 இன்ச்தான். அதைச் சென்டிமீட்டரில் போடும்போது 164 ஆகிவிடுகிறது. இந்த ஒரு சென்டிமீட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம்.

இன்றைய டிவித் திரைகள் ஏறக்குறைய எல்லாமே 16:9 வடிவம். அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால், மூலைவிட்டத்தில் சுமார் 87 விழுக்காடு அகலம், 49 விழுக்காடு உயரம். எனவே 65 இன்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 144 செ.மீ., உயரம் 81 செ.மீ. கடைக்காரர் சொன்ன 144 இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சிக்கல் இனிமேல்தான். அந்த 144 படத்தின் அகலம், டிவியின் அகலம் அல்ல. இருபுறச் சட்டத்தையும் சேர்த்தால் பெரும்பாலான 65 இன்ச் டிவிகள் 145 செ.மீ.யை ஒட்டி வந்து நிற்கும், சில அதையும் தாண்டும். உங்கள் இடமும் அதே 145. தச்சர் செய்த அலமாரி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருப்பது அபூர்வம். மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ளுங்கள். அடியில் சுவரோரப் பலகை ஓடினால் அங்கே இன்னும் குறையும்.

ஒருவேளை எப்படியோ நுழைந்துவிட்டாலும் காற்று போக வழியிருக்காது. டிவியின் சூடு பின்பக்க, பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். பல நிறுவனங்களின் கையேடுகள் சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி கேட்கின்றன. நம் ஊர் வெப்பத்தில், பகலில் ஏர்கான் போடாத வீட்டில், இதை அலட்சியப்படுத்தக் கூடாது. எச்டிஎம்ஐ கேபிளைப் பக்கவாட்டில் செருகக் கை நுழையவும் இடம் வேண்டும்.

கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. இன்ச்சை 2.2ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். சட்டத்தோடு சேர்ந்த அகலம் சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட வந்துவிடும். 55 இன்ச்சுக்கு 121, அதோடு 2, ஆக 123. உங்கள் 145இல் பக்கத்துக்கு 11 செ.மீ. மிஞ்சுகிறது. உங்கள் இடத்துக்கு ஏற்றது இதுதான். 16:9 வடிவத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். 34 இன்ச் அகலத்திரைக் கணினி மானிட்டருக்குப் போட்டால் தவறாகிவிடும். அதன் உயரம் சாதாரண 27 இன்ச் மானிட்டரின் உயரம்தான்.

65ஐ விட்டு 55க்கு இறங்கினால் படத்தின் பரப்பு சுமார் 28 விழுக்காடு குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து இன்ச் என்று கேட்கும்போது தோன்றுவதைவிட இது பெரிய வித்தியாசம். 65தான் வேண்டும் என்றால், சுவரிலிருந்து முன்னால் இழுக்கும் கையுள்ள தாங்கியில் மாட்டி, அலமாரிகளின் முகப்பைத் தாண்டி டிவியை நிறுத்தலாம். அப்போது பக்கத்து அலமாரிக் கதவுகள் திரையில் இடிக்குமா என்று முதலில் திறந்து பாருங்கள். கனம் தாங்குமா என்பதைத் தாங்கியின் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலின் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் நிலைக்கால் இல்லாத அளவு, நிலைக்காலோடு சேர்ந்த அளவு, அட்டைப்பெட்டியின் அளவு என்று மூன்று தனித்தனியாக இருக்கும். சுவரில் மாட்டுவதென்றால் முதலாவதைப் பாருங்கள். மேசைமேல் வைப்பதென்றால் இரண்டாவதோடு, இரு கால்களுக்கும் இடையிலான தூரத்தையும் கேளுங்கள். பல டிவிகளில் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், 55 இன்ச்சுக்கே ஒரு மீட்டர் மேசை போதாமல் போகலாம்.