எலிக்காய்ச்சல், கன்று வீச்சு, சிவப்பு மூத்திரம்: கேள்வி பதில்

லெப்டோ என்ற கிருமியால் மாட்டுக்கு வரும் எலிக்காய்ச்சல் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் கேட்டிருப்பது வேறு. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

நாலு மாதக் கன்று ஒன்று காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்து இரண்டே நாளில் செத்தது. ஐந்து வாரம் கழித்து ஏழு மாதச் சினை மாடு கன்றை வீசியது. அடுத்த வாரம் எட்டு மாதச் சினை ஒன்றும் அப்படியே. இரண்டுக்கும் காய்ச்சல் இல்லை. கன்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, டாக்டரம்மா?

பெரும்பாலும் உண்டு. நீங்கள் அனுப்பிய கொட்டில் படத்தைப் பார்த்ததும் எலிக்காய்ச்சல்தான் என்ற சந்தேகம் எனக்கு வலுத்தது. கொட்டில் கழுவிய தண்ணீர் கன்றுப் பட்டியின் வழியாக இறங்கி, கறவை வற்றிய சினை மாடுகள் நிற்கும் பள்ளத்தில் தேங்குகிறது. அந்தச் சேற்றில் குளம்பு மூழ்க நிற்கிறார்கள் உங்கள் சினைக்காரிகள்.

நடந்திருக்கக்கூடியது இது. நீரில் ஊறி மென்மையான தோல், சின்னக் கீறல், கண், வாய் என எது கிடைத்தாலும் அதன் வழியே கிருமி உள்ளே போகும். முதலில் சில நாள் ரத்தத்தில் சுற்றும். இளங்கன்றானால் இந்தக் கட்டத்திலேயே சிவப்பணுக்களை உடைக்கும், அந்தச் சாயம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. பெரிய மாட்டுக்கு அதே கிருமி பட்டால் ஓரிரு நாள் சுடும், தீவனம் குறையும், பால் சரியும். உங்கள் சினை மாடுகளுக்குப் பாலே இல்லையே, யார் கவனித்திருப்பார்கள்? பிறகு ரத்தத்திலிருந்து விலகிச் சிறுநீரகத்திலும் கருப்பையிலும் குடியேறும். உள்ளே கன்று செத்து, நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதனால்தான் காய்ச்சல் இல்லை. அது வந்து போய் வாரக்கணக்கு ஆகிவிட்டது. வீசிய கன்று தோல் உரிந்து அழுகினமாதிரி இருந்தது என்றீர்களே, அதுவும் பொருந்துகிறது.

ஆகவே காரணத்தைக் கன்று வீசிய நாளில் தேடாதீர்கள். ஒன்று முதல் ஆறு வாரம் பின்னால் போய், அப்போது தண்ணீர் எங்கே தேங்கியது, புதிதாக எந்த மாடு வந்தது என்று பாருங்கள். வீசிய இரண்டு மாடுகளின் ரத்தத்தோடு இன்னும் எட்டு மாடுகளின் ரத்தமும் எடுங்கள். ஒற்றை மாட்டின் ரத்தம் மந்தையின் கதையைச் சொல்லாது. இனி ஏதாவது வீசினால் கன்றையும் இளங்கொடியையும் புதைக்குமுன் குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மூத்திரம் சிவப்பாகப் போகிறது. என்ன ஊசி போடலாம்?

எந்த ஊசியும் வேண்டாம், முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டில். நடுவில் வரும் மூத்திரத்தைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் சிவப்பு வண்டல் தங்கி மேலே தெளிந்தால் அது ரத்தம். சிறுநீர்ப்பை, சிறுநீரகப் பக்கம் போக வேண்டும். வண்டல் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தால் உடைந்த அணுக்களின் சாயம். அப்போதும் எலிக்காய்ச்சல்தான் என்று இல்லை. உடம்பில் உண்ணி, கடுங்காய்ச்சல் என்றால் உண்ணிக்காய்ச்சல் முன்னால் நிற்கும். கன்று போட்டு ரெண்டு மூணு வாரமான, நன்றாகக் கறக்கும் மாட்டுக்குக் காய்ச்சலே இல்லாமல் வந்தால் பாஸ்பரஸ் குறைவு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கன்று வீச்சு நோய் என்றாலே புருசெல்லாதானே? எல்லா மாட்டையும் அதற்குத்தான் சோதிக்கச் சொல்கிறார்கள்.

சோதிப்பது சரி, அதோடு நிறுத்துவது தவறு. பேரிலேயே கன்று வீச்சு இருப்பதால் மற்றவை எல்லாம் மறந்துபோகின்றன. புருசெல்லாவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஒரே குழாய் ரத்தம் போதும், சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் எலி மூத்திரம்தான் மேடம். நான் எலிப்பொறி வைத்து, ஒரு மாதத்தில் பெருச்சாளி வளை முழுக்க அடைத்தேன், பிறகு ஒன்றும் வீசவில்லை. எலியை ஒழித்தால் நோய் ஒழியும். இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

வளை அடைத்தது நல்லது, முடிவு அவசரம். எலி பரப்பும் வகைகள் உண்டு; தீவன மூட்டை, தொட்டி எல்லாம் அதன் மூத்திரத்துக்குத் திறந்தே கிடக்கின்றன. ஆனால் மாட்டுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, ஹார்ட்ஜோ. அதற்கு எலி தேவையே இல்லை. மாட்டின் சிறுநீரகத்திலேயே மாதக்கணக்கில் தங்கி, மூத்திரம் வழியாகவும் இனச்சேர்க்கை வழியாகவும் மாட்டிலிருந்து மாட்டுக்குப் போகும். மூத்திரம் சிவக்காது. சினை தங்காமை, நடுவில் வீசுதல், பலவீனமான கன்று என்று சத்தமில்லாமல் வரும். நீங்கள் எலியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வாங்கி வந்த மாடு உங்கள் மந்தையை நனைத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எலிக்காய்ச்சல் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

மீண்டும் நீங்களா? மனிதருக்கு வந்ததை வைத்து வந்த பெயர். மாட்டைக் கேட்டு வைத்திருந்தால் வேறு பெயர் இருந்திருக்கும்.

என் மாட்டுக்கும் சிவப்பாகப் போகிறது. உடனே ஊசி பெயர் சொல்லுங்கள்.

பாட்டில். மேலே படியுங்கள்.

பால் திடீரென்று பாதியாகிவிட்டது. மடி நாலு காம்பிலும் தொளதொளவென்று இருக்கிறது, சூடு இல்லை, வலி இல்லை. பால் மட்டும் சீம்பால்போல மஞ்சளாய், கட்டியாய். மடிநோய் மருந்து போட்டும் பலனில்லை.

அட, இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். மடிநோய் பொதுவாக ஒரு காம்பைப் பிடிக்கும். மடி கல்லாகும், சுடும். நாலிலும் ஒரே நேரத்தில் பால் மாறி, மடி துணிபோலத் தொங்கினால் எலிக்காய்ச்சலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பால் பல நேரம் சில நாளில் தானே திரும்பிவிடும். அதனால்தான் மருந்து வேலை செய்தது என்று தப்பாக எண்ணிவிடுகிறோம். அந்த மாட்டின் மூத்திரம்தான் உங்களுக்குக் கவலை. பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எலிப்பொறி வைத்தவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில்தான் எலி வீட்டுக்குள் வருகிறது, மழைக்காலத்தில்தான் மாடு வீசுகிறது.

இரண்டும் மழையோடு வருவதால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகாது. மழை கிருமியைக் காப்பாற்றுகிறது, அதுதான் பெரிய விஷயம். நீர் நிறைந்த மண்ணில் இந்தக் கிருமி 183 நாள்வரை உயிரோடு இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே மண் காற்றில் காய்ந்தால் 30 நிமிடம். ஆறு மாதத்துக்கும் அரை மணிக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால்தான். எலி ஒழிந்தாலும் சேறு இருந்தால், ஒரு மாடு பெய்தது போதும். நான் பார்த்த கொட்டில் ஒன்றில் தொட்டிக் குழாய் ஒழுகி, எல்லா மாடும் குடிக்கும் இடம் எப்போதும் நனைந்தே கிடந்தது. குடிக்க வருகிற மாடு அங்கேயே நின்று பெய்யும். ஒழுகலை நிறுத்தி, சரளைக்கல் கொட்டி மேடாக்கினோம். எலி அங்கேயேதான் இருந்தது, வீச்சு நின்றது.

அந்தக் கொட்டிலில் வீச்சு நின்றது என்றால் ஊசியும் போட்டிருப்பீர்களே? குழாயா, ஊசியா என்று எப்படித் தெரியும்?

சரி, எலிப்பொறி அன்பரே, இந்த இடத்தில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். ஊசியும் போட்டோம். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வளைக்கும் அதே கேள்வி பொருந்தும்.

பள்ளத்தில் சுண்ணாம்பு தூவினால் போதாதா?

மிகுந்த காரத்திலும் மிகுந்த அமிலத்திலும் கிருமி நிற்காது, உண்மை. ஆனால் தேங்கின நீரில் தூவினால் இன்று கரையும், நாளை மழை. வடித்துவிட்டுக் காய விடுங்கள்.

தடுப்பூசி போட்டால் முடிந்ததா?

ஊசி போட்ட வகைக்கு மட்டும்தான் காப்பு. நாலு முதல் ஆறு வாரம் இடைவெளியில் இரண்டு முறை, பிறகு வருடம் ஒன்று. ஏற்கெனவே சிறுநீரகத்தில் வைத்திருக்கும் மாட்டை அது சுத்தமாக்காது. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின், கிலோவுக்கு 25 மில்லிகிராம், ஒரு முறை. 400 கிலோ மாட்டுக்கு 10 கிராம். கிடைக்காத இடத்தில் நீடித்து வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின், கிலோவுக்கு 20 மில்லிகிராம். கறவை மாட்டுக்குப் போடலாமா, பாலை எத்தனை நாள் கொட்ட வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சீட்டைப் பார்த்துச் சொல்லட்டும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாகப் போடுவதால்தான் பல இடத்தில் மீண்டும் வருகிறது.

நாய்க்குப் போடும் ஊசியிலும் லெப்டோ இருக்கிறதே, மாட்டுக்கு அதைப் போடலாமா?

கூடாது. மாட்டுக்கு வேண்டிய வகைகள் எல்லாம் அதில் இல்லை.

பால் கறக்கும்போது மாடு பெய்து கண்ணில் தெறித்தது. பத்து நாளாகிறது. இப்போது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு.

இதைப் படித்ததும் எழுந்து மருத்துவமனைக்குப் போங்கள். மாட்டு மூத்திரம் கண்ணில் பட்டது என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். நான் மாட்டு வைத்தியர், உங்களுக்கு நான் மருந்து எழுதக் கூடாது.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது டாக்டரம்மா (கன்று செத்த கேள்வி என்னுடையது). வீசிய இரண்டுக்கும் பொமோனா என்ற வகைக்கு எதிர்ப்பொருள் எண் 1:3200, 1:1600. மற்ற எட்டில் மூன்றுக்கு 1:400. ஹார்ட்ஜோ எதிலும் இல்லை. புருசெல்லா இல்லை.

வீசிய மாடுகளின் எண் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் பொமோனாதான் குற்றவாளி என்று சொல்லத் துணிவேன். மற்ற மூன்றுக்கும் கிருமி பட்டிருக்கிறது. ஹார்ட்ஜோவுக்கு எண் இல்லாததால் அது இல்லவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது வீசவைத்த மாட்டிலேயே சில சமயம் எண் தெரியாது. பொமோனாவைப் பெரும்பாலும் பன்றி வைத்திருக்கும். உங்கள் மேட்டுப் பக்கம் பன்றிப் பட்டி ஏதாவது உண்டா?

உண்டு. அதன் தண்ணீர்தான் எங்கள் வாய்க்காலில் விழுகிறது.

ஆக எலி இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இந்தச் சோதனையில் ஒரு வகைக்கு மற்றொரு வகையும் எண் காட்டும் என்பதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை, எலிப்பொறி அன்பரே, இம்முறை நீங்கள் சொல்வது சரி. எண் குழம்பும். கிருமியை மூத்திரத்தில் பிடித்தால்தான் உறுதி. உடனே எடுத்துக் குளிரில் அனுப்பினால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை சொல்லும். பன்றியா எலியா என்பதை இந்தக் காகிதம் முடிக்காது.

கன்று செத்தவருக்கு: இன்னும் எத்தனை சினை பள்ளத்தில் நிற்கிறது?

ஐந்து. ஒன்றுக்கு ஆறு மாதம்.

இன்று மாலைக்குள் ஐந்தையும் மேட்டுக்கு ஏற்றுங்கள். நாளை காலை உங்கள் மருத்துவரை வைத்து மருந்து. பன்றிப் பட்டியிலிருந்து வரும் வாய்க்காலைக் கொட்டிலுக்கு வெளியே திருப்புங்கள். அந்த ஆறு மாதக்காரியை அடுத்த ஆறு வாரம் தினம் பாருங்கள். ஏற்கெனவே கிருமி பட்டிருந்தால் மருந்துக்குப் பின்னும் வீசலாம்.